நாலாம் நாள் வீட்டுக்கு வரும் தாதி: அந்த வருகைக்குப் புள்ளி போடுவது எப்படி?

குழந்தை பிறந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில நாட்களில் கிளினிக் டேசாவிலிருந்து ஒரு தாதி மோட்டாரில் வந்து இறங்குவார். தோட்டத்து லயத்திலும் சரி, பட்டணத்து அடுக்குமாடியிலும் சரி, இது நமக்குப் பழகிய காட்சிதான். எங்கள் பாட்டிமார் அவரை 'மிஸ்ஸி' என்பார்கள். குழந்தையை நிறுத்துப் பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், அம்மாவிடம் நாலு கேள்வி கேட்பார், புத்தகத்தில் எழுதுவார், போய்விடுவார். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரம் நன்றாக நடந்ததா இல்லையா என்பதை எப்படி அளப்பது? சமூகச் சுகாதாரப் பணியாளர்களின் வீட்டு வருகையை மேலாளர் ஒருவர் கூடவே சென்று பார்த்துப் புள்ளி போடும் முறை பல நாடுகளில் உண்டு. பேச்சுத் தொடர்பு, சரியான ஆலோசனை, பதிவு, மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு என்று பொதுவாக நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கேட்கும்போது பள்ளிக்கூடத் தேர்வுத் தாள் மாதிரி எளிதாகத் தெரிகிறது. ஆனால், ஒரே ஒரு வருகையை எடுத்துக்கொண்டு புள்ளி போட்டுப் பார்த்தால், கூட்டுத்தொகை எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லும் என்பது புரியும்.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை. நம் நாட்டில் சுகப்பிரசவம் என்றால் அம்மாவும் பிள்ளையும் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மஞ்சளோ மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்கு ஏறும். அதாவது, குழந்தை மருத்துவமனையில் இல்லாத நேரத்தில். அந்த நேரத்தில் பயிற்சி பெற்ற கண் என்று வீட்டுக்குள் வருவது தாதியின் கண் மட்டும்தான்.

சிவப்பணுக்கள் உடையும்போது 'பிலிருபின்' என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. பெரியவர்களின் கல்லீரல் அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை பழக ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொஞ்சமாவது மஞ்சள் தெரிகிறது. பெரும்பாலும் தானாகவே போய்விடுகிறது. ஆனால், அளவு மிக அதிகமானால் அது மூளைக்குள் புகுந்து நிரந்தரச் சேதம் செய்யும். காது கேளாமல் போகலாம், கை கால் அசைவு கட்டுப்பாட்டை இழக்கலாம். சேதம் நடந்த பிறகு திருப்பவே முடியாது. நடப்பதற்கு முன் தடுப்பதோ, சில நாள் நீலவிளக்கின் கீழ் படுக்க வைப்பது போன்ற எளிய வேலை. எனவே, 'இன்றைக்கே அனுப்ப வேண்டுமா, வேண்டாமா' என்ற ஒரு முடிவில்தான் எல்லாம் தொங்குகிறது.

இனி அந்த வருகைக்குப் போவோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த எடுத்துக்காட்டு. புள்ளித் தாளும் அப்படியே. எந்தக் கிளினிக்கின் அதிகாரப்பூர்வப் படிவமும் அல்ல.

தோட்டத்து வீடு. நாலாம் நாள், ஆண் குழந்தை. பிறந்தபோது 3 கிலோ. தாதி ஒரு மலாய்ப் பெண். கூடவே மேலாளர் ஒருவர் வந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார், கையில் தாள். அவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

தாதி சிரித்த முகத்தோடு உள்ளே வருகிறார். தான் யார், எதற்கு வந்தார் என்று சொல்கிறார். "பிள்ளை எப்படிப் பால் குடிக்கிறான், சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்கிறார். அம்மா தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: தூங்கிக்கொண்டே இருக்கிறான், எழுப்பினால்தான் குடிக்கிறான், மூன்று முறைதான் பேம்பர்ஸ் நனைந்தது. மாமியார் இடையில் புகுந்து, "சீனித் தண்ணி கொஞ்சம் குடுத்தேன் மிஸ்ஸி, மஞ்சள் எறங்கும்னு" என்று தமிழும் தோட்டத்து மலாயும் கலந்து சொல்கிறார். தாதி கோபப்படாமல் மாமியார் பக்கம் திரும்பி, சீனித் தண்ணீர் வேண்டாம், பால் மட்டும் போதும் என்று விளக்குகிறார். எளிய மலாயில், இருவருக்கும் புரியும்படி பேசுகிறார்.

குழந்தையை எடை போடுகிறார்: 2.76 கிலோ. உள் அறையில், சுவரோரம் எரியும் மஞ்சள் பல்பின் கீழ், போர்வையைக் கழுத்து வரை விலக்கி முகத்தைப் பார்க்கிறார். "கூனிங் சிகிட்" என்கிறார். கொஞ்சம் மஞ்சள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள், காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுங்கள், மஞ்சள் அதிகமானால் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள் என்று எண்ணைத் தருகிறார். அம்மாவின் இரத்தப்போக்கு, காய்ச்சல் பற்றியும் கேட்கிறார். நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுகிறார். கடைசியாக, "பாஹாம்?" அம்மா தலையாட்டுகிறார், "பாஹாம்."

நல்ல தாதி என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த வீட்டாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் 10 என்று மொத்தம் 40 புள்ளி. பேச்சுத் தொடர்பில் ஐந்து அம்சங்கள், தலா 2: தன்னை அறிமுகப்படுத்தியது, திறந்த கேள்வி கேட்டுக் காதுகொடுத்தது, வீட்டில் முடிவெடுக்கும் ஆளிடமும் பேசியது, புரியும் சொல்லில் பேசியது, சொன்னதை அம்மாவின் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்தது. முதல் நான்குக்கும் முழுப் புள்ளி. ஐந்தாவதுக்குப் பூச்சியம். ஆக 8.

அந்த ஐந்தாவது அம்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'பாஹாம்?' என்று கேட்டால் 'பாஹாம்' என்றுதான் பதில் வரும். புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சம். அதுவும் பச்சை உடம்புக்காரிக்கு, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது. எனவே, அந்தக் கேள்வி கேட்டதற்குப் புள்ளி கிடையாது. "ராத்திரி பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால்தான் 2. அம்மா தடுமாறினால் அது அம்மாவின் குற்றம் அல்ல, விளக்கம் போய்ச் சேரவில்லை என்பதற்கு அடையாளம். தாதி மறுபடி வேறு சொல்லில் சொல்ல வேண்டும். புள்ளி போடுபவருக்கும் இதில் ஒரு தகுதி தேவை. மாமியார் தமிழில் முணுமுணுத்தது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். புரியாதவர் போடும் புள்ளி பாதி வருகைக்கான புள்ளிதான்.

ஆலோசனைக்கும் ஐந்து அம்சங்கள். பால் கொடுக்கும் இடைவெளி சரியாகச் சொன்னார், 2. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். சீனித் தண்ணீரை நிறுத்தச் சொன்னார், 2. தண்ணீர் வயிற்றை நிரப்பினால் பால் குறையும். பால் குறைந்தால் மலம் குறையும். மலத்தோடு வெளியே போக வேண்டிய பிலிருபின் குடலிலிருந்து மறுபடி இரத்தத்துக்குள் போகும். மாமியார் நினைத்ததற்கு நேர் எதிரான விளைவு. அம்மாவின் உடல்நிலையைக் கேட்டுச் சொன்னதற்கு 2. ஆபத்து அறிகுறிகளில் 'மஞ்சள் அதிகமானால்' என்பதை மட்டும் சொன்னார், 1. பால் இழுக்காமல் விடுவது, எழுப்ப முடியாத தூக்கம், கீச்சென்ற அழுகை, உடம்பை வில்லாக வளைப்பது, காய்ச்சல் ஆகியவற்றைச் சொல்லவில்லை. வெயில் ஆலோசனைக்குப் பூச்சியம். ஆக 7.

வெயில் விஷயத்தில் பலருக்கு மனக்குறை வரும் என்று தெரியும். தலைமுறை தலைமுறையாகச் செய்தது, மருத்துவமனையிலும் விளக்கில்தானே வைக்கிறார்கள் என்பார்கள். வெளிச்சம் மஞ்சளைக் குறைக்கும் என்பது உண்மைதான். பிலிருபினைச் சிறுநீரிலும் பித்தத்திலும் கரைந்து போகும் வடிவத்துக்கு நீல ஒளி மாற்றுகிறது. மருத்துவமனையில் அந்த ஒளியின் அளவும் தூரமும் கணக்கிட்டவை. துணி இல்லாமல் மணிக்கணக்கில் படுக்க வைப்பார்கள், கண்ணை மூடுவார்கள், இரத்தம் எடுத்து அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாசலில் கால் மணி நேரம் காட்டும் வெயிலில் இது எதுவும் இல்லை. வெயிலின் சூட்டில் குழந்தையின் உடம்பு நீர்தான் வற்றும், தோல் வெந்தும் போகலாம். சுகாதார அமைச்சு 2014-இல் வெளியிட்ட பிறந்த குழந்தை மஞ்சள் காமாலை வழிகாட்டியும் வெயிலில் வைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, 'வெயில்ல காட்டறோம், சரியாயிடும்' என்று இரண்டு நாள் காத்திருப்பது.

பதிவுக்கு வருவோம். வயது எழுதியிருக்கிறார், 2. ஜி6பிடி பரிசோதனை முடிவு புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்திருக்கிறார், 2. இந்த நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு மஞ்சள் திடீரென்று ஏறும். பிறந்தவுடனே தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிப்பது நம் நாட்டு வழக்கம். அடுத்த வருகைத் தேதியும் கையொப்பமும் உண்டு, 2. எடையை எழுதினார், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடவில்லை, 1. 3 கிலோவிலிருந்து 240 கிராம் போனால் 8 சதவீதம். பிறந்த எடையில் 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பால் போதவில்லையா என்று நின்று பார்க்க வேண்டும், மஞ்சளையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2.76 என்ற எண் புத்தகத்தில் தனியாகக் கிடக்கும்போது அது யாரையும் எச்சரிப்பதில்லை. 8 சதவீதம் என்று எழுதியிருந்தால் எழுதிய கையே கொஞ்சம் நின்றிருக்கும். மஞ்சள் பற்றி 'கூனிங் சிகிட்' என்று மட்டும் எழுதியதற்குப் பூச்சியம். எதுவரை மஞ்சள்? எந்த வெளிச்சத்தில் பார்த்தது? நாளை வேறு தாதி வந்தால் நேற்றைவிட அதிகமா குறைவா என்று அவரால் சொல்லவே முடியாது. பதிவுக்கு மொத்தம் 7.

அனுப்பும் முடிவில் நான்கு அம்சங்கள். முடிவு சரியா என்பதற்கு 4 புள்ளி, காரணத்தை விளக்கியதற்கு 2, அடுத்து எப்போது பார்ப்பது என்ற ஏற்பாட்டுக்கு 2, அவசரம் என்றால் யாரை எப்படி அழைப்பது என்பதற்கு 2. முடிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தேதி கொடுத்தார், எண் கொடுத்தார். முடிவும் காரணமும் இல்லை. ஆக 4.

கூட்டினால் 8, 7, 7, 4. மொத்தம் 26. நாற்பதுக்கு 65 சதவீதம். தேர்ச்சி அளவு 60 என்றால் தாதி பாஸ்.

இப்போது மூலையில் உட்கார்ந்திருந்த மேலாளர் எழுந்து, குழந்தையைத் தானே மறுபடி பார்க்கிறார். இந்த மறுபரிசோதனை இல்லாமல் அனுப்பும் முடிவுக்குப் புள்ளி போடவே முடியாது. தாதி சொன்னது சரியா என்று தாதியின் கண்ணை வைத்தே எப்படிச் சொல்வது?

குழந்தையை ஜன்னலோரம் கொண்டு வந்து துணியை முழுக்கக் கழற்றுகிறார். நெற்றியில் விரலால் அழுத்தி எடுக்கிறார். அழுத்திய இடத்தில் இரத்தம் விலகி, தோலின் அடி நிறம் ஒரு நொடி தெரியும். அதேபோல் நெஞ்சு, தொப்புளுக்குக் கீழே, தொடை, உள்ளங்கால். மஞ்சள் தலையிலிருந்து கால் நோக்கி இறங்கும். எவ்வளவு கீழே இறங்கியதோ அவ்வளவு அளவு கூடியிருக்கிறது என்பது தோராயக் கணக்கு. நம் பிள்ளைகளின் மாநிறத்தில் இது எளிதில் ஏமாற்றும், ஆகவே ஈறுகளையும் கண்ணின் வெள்ளையையும் பார்க்கிறார். குளிப்பாட்டும்போது மஞ்சள் பூசினார்களா என்றும் கேட்கிறார். நம் வீடுகளில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. மங்கலத்துக்குப் பூசும் மஞ்சளும் நோய் மஞ்சளும் ஒரே பெயரில், ஒரே தோலில் இருந்தால் எந்தக் கண்ணும் தடுமாறும்.

தொடை வரை மஞ்சள் இருக்கிறது.

தொப்புளுக்குக் கீழே இறங்கிவிட்ட மஞ்சளை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த 2014 வழிகாட்டியில் உள்ள விதிகளில் ஒன்று. பிறந்து 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள், ஜி6பிடி குறைவு உள்ள குழந்தை, கிருமித்தொற்றின் அறிகுறி ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. உள்ளங்கால் வரை வந்துவிட்டால் அது அவசரம். இந்தக் குழந்தைக்கு மஞ்சள் தொடையில், எடை 8 சதவீதம் குறைவு, நனைந்தது மூன்றே முறை, எழுப்பினால்தான் குடிக்கிறது. எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அன்றைக்கே இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய குழந்தை. தாதியின் முடிவோ நாளை மறுநாள்.

65 சதவீதம் என்ற எண் இங்கே என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த முகத்துக்குக் கிடைத்த புள்ளி, தவறவிட்ட குழந்தையை மூடி மறைத்துவிட்டது. எனவே, இப்படிப்பட்ட தாளில் 'தவறினால் முழு வருகையும் தவறு' என்ற அம்சம் ஒன்றிரண்டு இருக்க வேண்டும். அனுப்ப வேண்டிய குழந்தையை அனுப்பாதது அதில் முதல். மீதி எத்தனை புள்ளி வாங்கினாலும் அந்த வருகை தேர்ச்சி இல்லை. நான்கு பகுதிகளையும் தனித்தனியாகவே அறிவிக்க வேண்டும், கூட்டவே கூடாது என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. அனுப்பும் முடிவில் பூச்சியம் வாங்கிய தாதிக்கு என்ன பயிற்சி கொடுப்பது? வழக்கமாக, 'எப்போது அனுப்ப வேண்டும்' என்ற விதிகளை மறுபடி வகுப்பெடுப்பார்கள். ஆனால், வெளியே வந்ததும் மேலாளர் அவரிடம், "தொப்புளுக்குக் கீழே மஞ்சள் இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டால், "உடனே அனுப்புவேன்" என்று தயங்காமல் சொல்கிறார். விதி அவருக்குத் தெரியும். அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இருட்டு அறையில், மஞ்சள் பல்பின் கீழ், முகத்தை மட்டும் பார்த்தார். பச்சைக் குழந்தைக்குக் குளிரும் என்று போர்வையை விலக்கத் தயங்கினார். மாமியாரும் பக்கத்தில் நின்றார். தவறு முடிவில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. வழக்கமான நான்கு பகுதிகளில் அந்தப் படிக்கு இடமே இல்லை! பரிசோதித்த விதம் என்று ஐந்தாவதாக ஒரு வரியைச் சேர்க்காவிட்டால் - வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தாரா, துணி கழற்றினாரா, அழுத்திப் பார்த்தாரா - ஆண்டுதோறும் தெரிந்த விதியையே மறுபடி கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளையும் அனுப்பிவிட்டால் என்ன என்று ஒரு தாதி நினைக்கலாம். தவறவிட்ட பழி வராது. ஆனால், தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்குப் போவது என்றால் அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும், கார் பிடிக்க வேண்டும், பிரசவித்தவள் பிளாஸ்டிக் நாற்காலியில் பல மணி நேரம் உட்கார வேண்டும். போய்ப் பார்த்தால் 'ஒன்றுமில்லை'. இரண்டு முறை அப்படி நடந்த குடும்பம் மூன்றாம் முறை போகாது. மூன்றாம் முறைதான் உண்மையான ஆபத்தாக இருக்கும். ஆக, இரண்டு பக்கத் தவறையும் எண்ண வேண்டும்.

எண்ணும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு தாதியர், ஆளுக்கு 20 வீடு. ஒவ்வொருவர் பங்கிலும் அனுப்ப வேண்டிய குழந்தைகள் 4. முதல் தாதி அந்த நாலையும் அனுப்பினார், தேவையில்லாத 9 பேரையும் அனுப்பினார். இரண்டாமவர் நாலில் 2 பேரை மட்டும் அனுப்பினார், தேவையில்லாத யாரையும் அனுப்பவில்லை. 'சரியான முடிவுகள்' என்று எண்ணினால் முதல் தாதிக்கு 20-க்கு 11; இரண்டாம் தாதிக்கு 20-க்கு 18. இரண்டாமவர் 90 சதவீதத்தோடு பரிசு வாங்குவார். அவர் விட்டுவிட்ட 2 குழந்தைகள் எந்தக் கட்டத்திலும் தெரிய மாட்டார்கள். அதனால் இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுத வேண்டும்: அனுப்ப வேண்டியவர்களில் எத்தனை பேரை அனுப்பினார், வேண்டாதவர்களில் எத்தனை பேரை வீட்டிலேயே நிறுத்தினார். முதல் எண் எப்போதும் முழுமையாக இருக்க வேண்டும். இரண்டாவது எண்ணைப் பயிற்சியால் மெல்ல உயர்த்திக்கொள்ளலாம்.

மேலாளர் கூடவே இருப்பதால் வருகையே மாறிவிடாதா என்று கேட்பீர்கள். மாறும். டான்சானியாவின் அருஷா பகுதியில் கென்னத் லியோனார்ட், மெல்கியோரி மசாத்து என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். பார்வையாளர் வந்து உட்கார்ந்ததும் மருத்துவப் பணியாளர்களின் தரம் ஏறியது. பத்துப் பதினைந்து நோயாளிகளைப் பார்த்து முடிப்பதற்குள் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. எனவே, ஒரே ஒரு வருகையைப் பார்த்துப் போட்ட புள்ளி, அந்தத் தாதியால் எவ்வளவு முடியும் என்பதைக் காட்டுமே தவிர, தினமும் என்ன செய்கிறார் என்பதைக் காட்டாது. தினசரி வேலையை அறியப் பதிவேடுதான் வழி. ஆளில்லாத நாட்களின் பக்கங்களைப் புரட்ட வேண்டும். பத்துக் குழந்தைகளுக்கும் உடல் வெப்பம் 36.8 என்றே இருந்தால் வெப்பமானி பையை விட்டு வெளியே வரவில்லை என்று சந்தேகப்படலாம். 'பார்த்தேன், இயல்பு' என்பதற்கும் 'பார்க்கவில்லை' என்பதற்கும் பதிவேட்டில் வேறு வேறு குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெற்றுக் கட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இன்னொரு வழி, மறுநாள் அதே வீட்டுக்குப் போய், "நேற்று மிஸ்ஸி என்ன செய்யச் சொன்னார்?" என்று அம்மாவிடமே கேட்பது. அம்மா சொல்வதும் புத்தகத்தில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்பதைவிட நேர்மையான தேர்வு கிடையாது.

புள்ளி போடுபவர்களிலும் வேறுபாடு உண்டு. 'அன்பாகப் பேசினார்' என்று தாளில் இருந்தால் ஒரு மேலாளர் 9 போடுவார், இன்னொருவர் 5 போடுவார். 'அம்மாவைத் திரும்பச் சொல்லவைத்தார்' என்று இருந்தால் இருவருக்கும் ஒரே பதில்தான் வரும். தாளைப் பயன்படுத்தும் முன் இரண்டு பேர் ஒரே வருகையைத் தனித்தனியாகப் பார்த்துப் புள்ளி போட்டு ஒப்பிடுவது வழக்கம். எந்த வரியில் இருவரும் பிரிகிறார்களோ, அந்த வரியின் சொற்கள்தான் பழுது. தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி: புள்ளிக் கணக்கின் சண்டை கடைசியில் வினைச்சொல்லில் வந்து நிற்கிறது.

மேலாளரின் கண்ணும் இறுதித் தீர்ப்பு அல்ல. தோலைப் பார்த்து அளவு சொல்வது அனுபவசாலிகளுக்கும் தவறும். தோலின் மேல் வைத்து அளக்கும் கருவி இருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பலாம்; உறுதியான பதில் இரத்தப் பரிசோதனையில்தான். ஆகவே, தாதியும் மேலாளரும் வேறுபட்ட வருகைகளில் யார் சரி என்பதை மருத்துவமனை முடிவு வந்த பிறகே தாளில் நிரப்ப வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு வீட்டுக்குத் திரும்புவோம். மேலாளர் வாய் திறக்கக் கூடாது என்று முன்பு சொன்னேன். அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: ஆபத்தான குழந்தையை விட்டுவிட்டு யாரும் படியிறங்கக் கூடாது. புள்ளி எழுதி முடித்ததும் மேலாளர் தாதியைப் பக்கத்தில் அழைத்து, ஜன்னலோரம் மறுபடி பார்க்கச் சொல்கிறார். வீட்டார் முன்னால் திட்டுவதில்லை. தாதியே அழுத்திப் பார்க்கிறார், தாதியே அம்மாவிடம் திரும்பி, "இன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்று சொல்கிறார். சொன்னவர் மாறாததால் அடுத்த வாரமும் அவரை அந்த வீடு நம்பும்.

அனுப்புவது என்றால் 'போங்கள்' என்று சொல்வது மட்டும் அல்ல. அந்தக் கடிதத்திலும் புள்ளிக்குரிய வரிகள் உண்டு. குழந்தையின் வயது மணிக்கணக்கில். ஏனென்றால் 50 மணி நேரத்தில் இருக்கும் அளவுக்கும் 90 மணி நேரத்தில் இருக்கும் அதே அளவுக்கும் பொருள் வேறு, 'நாள் 4' என்பது மருத்துவருக்குப் போதாது. பிறந்த எடை, இன்றைய எடை, ஜி6பிடி முடிவு, மஞ்சள் எதுவரை என்பது, எத்தனை முறை பால் குடித்தது, அம்மாவின் இரத்த வகை. அம்மா 'ஓ' வகையாகவும் பிள்ளை வேறு வகையாகவும் இருந்தால் மஞ்சள் வேகமாக ஏறக்கூடும். யார் கூட்டிப்போவார், வண்டி இருக்கிறதா என்பதைத் தாதி கேட்க வேண்டும். வழியில் பால் கொடுத்துக்கொண்டே போகச் சொல்ல வேண்டும். அப்பா வேலைக்காட்டில் இருந்தால் அவருக்குப் போன் போகும் வரை தாதி அங்கேயே இருப்பது நல்லது. 'அவர் வந்ததும் போறோம்' என்பது பல வீடுகளில் மறுநாள் காலை என்று பொருள்படும்.

வீட்டில் இருக்கும் நம் கையிலும் சில உண்டு. தாதி வரும் நாளில் குழந்தைக்கு மஞ்சள் பூச வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முகத்தை மட்டும் பார்த்தால், "வயிறு, கால் எல்லாம் பார்த்துடுங்க மிஸ்ஸி" என்று கேளுங்கள். எத்தனை முறை நனைந்தது என்று எண்ணி வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நனைய வேண்டும். சீனித் தண்ணீரோ, நாட்டு மருந்தோ கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். துணி அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால், ஜி6பிடி குறைவுள்ள குழந்தைக்கு அதன் வாடையே ஆகாது. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாவிட்டால், பிள்ளை நன்றாகக் குடித்தாலும் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். மலம் வெளிறிப்போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது கல்லீரல், பித்தக்குழாய் கோளாறாக இருக்கலாம்.

அந்தக் குழந்தையின் தாளில் ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது: 'முடிவு'. மறுநாள் காலை தாதி மருத்துவமனைக்குப் போன் செய்து, குழந்தை போய்ச் சேர்ந்ததா, இரத்தத்தில் எவ்வளவு இருந்தது, விளக்கில் வைத்தார்களா என்று கேட்டு, அதைக் கிளினிக் பதிவிலும் வீட்டுப் புத்தகத்திலும் எழுதும் வரை அந்த வருகைக்கு மேலாளர் கையெழுத்துப் போடுவதில்லை.